தேர்ச்சி பெற்ற கோப்பில் தமிழ் இருக்கிறதா?

2003இல் அச்சான ஒரு பள்ளிப் பொன்விழா மலரின் பிடிஎஃப் கோப்பு உங்கள் கைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பெயர் `malar.pdf`. திறந்தால் அட்டைப்படம் அழகாகத் தெரிகிறது. உள்ளே தலைமையாசிரியரின் வாழ்த்துரை இருக்க வேண்டிய பக்கத்தில் மட்டும் `jkpo;` என்பதுபோல ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் வரிவரியாக நிற்கின்றன.

கோப்பு கெட்டுப்போய்விட்டது என்று பலர் முடிவுகட்டி மூடிவிடுவார்கள். உண்மையில் அது கெடவே இல்லை. அந்தக் காலத்து அச்சகங்களில் பரவலாக இருந்த பாமினி எழுத்துருவில் ஆங்கில j இருக்கும் இடத்தில் ‘த’ வரையப்பட்டிருக்கும். k இருக்கும் இடத்தில் ‘ம’, o இருக்கும் இடத்தில் ‘ழ’, அரைப்புள்ளி இருக்கும் இடத்தில் மெய்யெழுத்தின் புள்ளி. ஆகவே ‘தமிழ்’ என்று அச்சடிக்க விரும்பியவர் கணினிக்குக் கொடுத்தது `jkpo;` என்ற ஐந்து குறிகளைத்தான். பாமினி உள்ள கணினி அதைத் தமிழாக வரைந்து காட்டும். இல்லாத கணினி, உள்ளதை உள்ளபடி ஆங்கிலமாகக் காட்டும். மலரைத் தயாரித்தவரின் கணினியில் பாமினி இருந்தது. உங்கள் கணினியில் இல்லை. இடையில் நடந்தது அவ்வளவுதான்.

பிடிஎஃப் என்றால் எங்கே திறந்தாலும் ஒரே மாதிரி தெரியும் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். 1993இல் அடோபி நிறுவனம் வெளியிட்ட நாளிலிருந்து அதற்குத்தான் அந்த வடிவம் பேர்பெற்றது. ஆனால் பிடிஎஃபின் பொது விதிகள் எழுத்துருவைக் கோப்புக்குள் வைத்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதில்லை. பெயரை மட்டும் குறித்துவிட்டு, திறக்கிறவரின் கணினியில் தேடிக்கொள் என்று விட்டுவிடலாம். நிறங்களும் அப்படித்தான். ‘இவ்வளவு சிவப்பு’ என்று எண் இருக்கும், எந்த அளவுகோலின்படி என்பது இருக்காது.

இந்தத் தளர்வுகளையெல்லாம் மூடுவதற்காக வந்ததே பிடிஎஃப்/ஏ என்ற ஆவணக்காப்பு வடிவம். ஐஎஸ்ஓ 19005 என்ற பன்னாட்டுத் தரத்தின் முதல் பகுதி 2005இல் வெளியானது. நெடும்பயணம் போகிறவர் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு கிளம்புவதைப்போல, இந்த வகைக் கோப்பு தனக்கு வேண்டிய எழுத்துரு, நிற விவரம், தன்னைப்பற்றிய குறிப்பு எல்லாவற்றையும் தன்னோடேயே எடுத்துச் செல்ல வேண்டும். கடவுச்சொல் பூட்டு கூடாது. உள்ளே நிரல்கள் ஓடக்கூடாது. பக்கத்தைக் காட்ட வெளியிலிருந்து எதையும் வரவழைக்கக் கூடாது.

இதில் பல பிரிவுகள் உண்டு. எல்லாவற்றையும் அறிந்துவைத்திருக்கத் தேவையில்லை. முதல் பகுதி பழைய பிடிஎஃப் 1.4ஐ அடிப்படையாகக் கொண்டதால், ஒளி ஊடுருவும் படங்கள் போன்ற பலவற்றை அனுமதிக்காது. 2011இல் வந்த இரண்டாம் பகுதி அந்த நெருக்கடியைத் தளர்த்தியது. 2012இன் மூன்றாம் பகுதி ஏறக்குறைய இரண்டாவதேதான். கூடுதலாக எந்த வகைக் கோப்பையும் உள்ளே இணைத்துவைக்க விடுகிறது. 2020இல் நான்காம் பகுதியும் வந்தது. முதல் மூன்று பகுதிகளிலும் எண்ணுக்குப் பின்னால் ஓர் எழுத்து வரும். b என்றால் பக்கம் கண்ணுக்கு அதே மாதிரி தெரியும் என்ற உறுதி மட்டும். u என்றால் எழுத்துகளுக்கு யூனிகோட் அடையாளமும் உண்டு என்று பொருள். இது இரண்டாம் பகுதியிலிருந்துதான் தொடங்குகிறது. a என்றால் தலைப்பு, பத்தி என்ற கட்டமைப்பும் உள்ளே குறிக்கப்பட்டிருக்கும். நம் மலரைப் போன்ற பழைய அச்சுக் கோப்புக்கு 2b பொருத்தமானது என்பது என் கருத்து. ஏன் u இல்லை என்பதைப் பிறகு பார்க்கலாம், அதில்தான் தமிழுக்கே உரிய சிக்கல் ஒளிந்திருக்கிறது.

மலரின் மூலக் கோப்பு உங்களிடம் இருந்து, அது வேர்டிலோ லிப்ரே ஆஃபீஸிலோ யூனிகோடில் தட்டச்சானதாக இருந்தால் வேலை மிக எளிது. பிடிஎஃபாகச் சேமிக்கும்போது விருப்பங்கள் பகுதியில் பிடிஎஃப்/ஏ என்ற பெட்டியைத் தேர்ந்தால் போதும். பிடிஎஃபை மாற்றுவதைவிட மூலத்திலிருந்து புதிதாக எடுப்பது எப்போதும் நல்லது. ஆனால் பழைய மலர்களுக்கு மூலக் கோப்பு பெரும்பாலும் கிடைப்பதில்லை. பேஜ்மேக்கர் கோப்பு பிழைத்திருந்தாலும் அதைத் திறக்கும் கணினி பிழைத்திருப்பது அரிது. எஞ்சியிருப்பது பிடிஎஃப் மட்டுமே.

மாற்றத் தொடங்குமுன் கோப்புக்குள் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பார்த்துவிட வேண்டும். பாப்ளர் என்ற இலவசத் தொகுப்பில் `pdffonts` என்ற சிறு கருவி இருக்கிறது. நம் மலரில் அது இப்படிக் காட்டுகிறது என்று கொள்வோம்:

```
name          type      encoding  emb sub uni
------------- --------- --------- --- --- ---
Bamini        TrueType  WinAnsi   no  no  no
ABCDEF+Times  TrueType  WinAnsi   yes yes no
```

`emb` என்ற பத்தியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். எழுத்துரு கோப்புக்குள் இருக்கிறதா என்பதற்கான விடை அது. ஆங்கிலப் பகுதியின் எழுத்துரு உள்ளே இருக்கிறது. பாமினிக்கு நேராக `no`. நோய் எங்கே என்று இந்த ஒரு வரி சொல்லிவிடுகிறது.

இப்போது மாற்றம். அடோபி அக்ரோபேட் புரோ வைத்திருப்பவர்கள் அதன் பிரிஃப்ளைட் வசதியில் செய்யலாம். காசில்லாமல் செய்ய விரும்புகிறவர்கள் பெரும்பாலும் நாடுவது கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற கருவியை. அதற்கான கட்டளை இது:

```
gs -dPDFA=2 -dBATCH -dNOPAUSE -sDEVICE=pdfwrite \
   -sColorConversionStrategy=RGB \
   -dPDFACompatibilityPolicy=2 \
   --permit-file-read=srgb.icc \
   -sOutputFile=malar-a.pdf PDFA_def.ps malar.pdf
```

இதில் `PDFA_def.ps` என்பது கோஸ்ட்ஸ்கிரிப்டோடு வரும் ஒரு சிறு உரைக்கோப்பு. அதைத் திறந்து இரண்டு இடங்களில் திருத்த வேண்டும். ஒன்று, நிற விவரக் கோப்பான `srgb.icc` எங்கே இருக்கிறது என்பது. மற்றொன்று தலைப்பு. தலைப்பைத் தமிழில் அப்படியே தட்டினால் ஏற்காது. யூனிகோட் எண்களாகக் கொடுக்க வேண்டும். ‘மலர்’ என்பது `<FEFF0BAE0BB20BB00BCD>` என்று ஆகும். கொஞ்சம் பாடுதான். ஆனால் நாளை ஒரு நூலகத்தின் கணினி இந்தக் கோப்பைப் பட்டியலிடும்போது எடுத்துக்கொள்ளப்போகும் பெயர் இதுவாக இருக்கலாம். ‘Untitled’ என்று விட்டுவிட எனக்கு மனம் வராது.

கட்டளையில் உள்ள `PDFACompatibilityPolicy` என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பிடிஎஃப்/ஏ ஏற்காத ஏதோ ஒன்று எதிர்ப்பட்டால் என்ன செய்வது என்று அது தீர்மானிக்கிறது. 0 என்று வைத்தால், அல்லது எதுவுமே சொல்லாமல் விட்டால், அந்த அம்சத்தை அப்படியே சேர்த்துக்கொண்டு சாதாரண பிடிஎஃபாக முடித்துக் கொடுத்துவிடும். 1 என்றால் அந்த அம்சத்தைக் கழற்றிவிட்டுத் தொடரும். 2 என்றால் வேலையையே நிறுத்திவிடும். முதல் முறை 2 வைத்து ஓட்டிப் பாருங்கள். எதையாவது இழக்கப்போகிறோமா என்று முன்கூட்டியே தெரியும். இழப்பு சிறியது என்று உறுதியான பிறகு 1க்குப் போகலாம்.

இனிச் சரிபார்ப்பு. ஒரு கோப்பு தன்னை பிடிஎஃப்/ஏ என்று சொல்லிக்கொள்வது வேறு, அப்படி இருப்பது வேறு. அக்ரோபேட்டில் இத்தகைய கோப்பைத் திறந்தால் மேலே ஒரு நீலப் பட்டை வரும். இந்தக் கோப்பு பிடிஎஃப்/ஏ தரத்துக்கு இணங்குவதாகக் கூறிக்கொள்கிறது என்ற அளவில்தான் அதில் எழுதியிருக்கும். உள்ளே கிடக்கும் இந்த இரண்டு வரிகளே அந்தப் பட்டைக்குக் காரணம்:

```
<pdfaid:part>2</pdfaid:part>
<pdfaid:conformance>B</pdfaid:conformance>
```

யார் வேண்டுமானாலும் எந்தக் கோப்பிலும் இவற்றை எழுதிவைக்கலாம். உரிமைகோரலை உண்மையா என்று ஆராய வெராபிடிஎஃப் என்ற இலவசக் கருவி இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியோடு உருவாகி, 2017இல் முதல் முழுப் பதிப்பு வந்தது. ஜாவா இருக்கும் எந்தக் கணினியிலும் ஓடும். பொத்தான்களை அழுத்திப் பயன்படுத்தும் சாளரமும் உண்டு, கட்டளையும் உண்டு:

```
verapdf -f 2b --format html malar.pdf > report.html
```

மாற்றாத மூலக் கோப்பை முதலில் கொடுத்துப் பாருங்கள். தோல்வி நிச்சயம். ஆனால் அறிக்கை தோல்வி என்று மட்டும் சொல்லி நிற்காது. தரத்தின் எந்த விதி மீறப்பட்டது, எத்தனை இடத்தில் என்று எடுத்துக்காட்டும். நம் மலரில் முக்கியமாக மூன்று விதி எண்கள் வரும். 6.2.11.4.1 என்றால் பயன்படுத்திய எழுத்துரு உள்ளே இல்லை. இது பாமினி. 6.2.4.3 என்றால் நிறத்துக்கு அளவுகோல் இல்லை. அட்டைப்படம் அச்சகத்துக்கான நான்கு மை நிறங்களில் இருப்பதால் வருவது. 6.6.2.1 என்றால் கோப்பைப்பற்றிய விவரக்குறிப்பு தரம் கேட்கும் வடிவில் இல்லை. எண்ணிக்கையைப் பார்த்து மலைக்க வேண்டாம். ஒரே எழுத்துரு இல்லாத குறை ஒவ்வொரு பக்கத்திலும் திரும்பத் திரும்ப எண்ணப்பட்டு நூற்றுக்கணக்கில் தெரியலாம். திருத்த வேண்டிய காரணம் ஒன்றுதான்.

அடுத்து, கோஸ்ட்ஸ்கிரிப்ட் மாற்றிக்கொடுத்த `malar-a.pdf`ஐக் கொடுத்துப் பாருங்கள். தேர்ச்சி! மூன்று குறையும் தீர்ந்துவிட்டன என்கிறது அறிக்கை.

கோப்பைத் திறந்தால் வாழ்த்துரைப் பக்கத்தில் இப்போதும் `jkpo;` தான்.

நடந்தது இதுதான். கோஸ்ட்ஸ்கிரிப்ட் பாமினியைத் தேடியது, கிடைக்கவில்லை. கிடைக்காத எழுத்துருவுக்குப் பதிலாகத் தன்னிடமுள்ள ஓர் ஆங்கில எழுத்துருவை எடுத்துக்கொண்டது. அந்த ஆங்கில எழுத்துருவை விதிப்படி, முழு ஒழுங்கோடு கோப்புக்குள் வைத்துவிட்டது. சரிபார்க்கும் கருவி கேட்கும் கேள்வி, பயன்படுத்திய எழுத்துரு உள்ளே இருக்கிறதா என்பது. இருக்கிறது. அது சரியான எழுத்துருவா என்று கேட்க அதனிடம் ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இல்லை. `Policy=2` என்று நாம் வைத்த காவலும் இங்கே பயன்படாது. எழுத்துரு மாறியது உள்ளே வாசிக்கும் கட்டத்தில். காவல் நிற்பதோ வெளியே எழுதும் கட்டத்தில்.

முன்பு குறையோடு இருந்த கோப்பில் பாமினி என்ற பெயராவது இருந்தது. பாமினியை நிறுவியவர் ஒருவர் திறந்திருந்தால் தமிழ் தெரிந்திருக்கும். தேர்ச்சி பெற்ற கோப்பில் அந்தப் பெயரும் போய்விட்டது. பாதுகாக்கிறோம் என்று நினைத்து, மீட்கும் வழியை நாமே அடைத்துவிட்டோம். நிறைய கோப்புகளை ஒரே கட்டளையில் மொத்தமாக மாற்றிவிட்டு, மூலங்களை இடம் அடைக்கிறது என்று அழித்துவிடும் இடங்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.

இதைக் கண்டுபிடிக்க இரண்டு வழிகள் உண்டு. கோஸ்ட்ஸ்கிரிப்ட் ஓடும்போது திரையில் வரும் செய்திகளை வாசிக்க வேண்டும். `Loading font Bamini (or substitute) from` என்று ஒரு வரி வந்து, அதன் முடிவில் `NimbusSans` போன்ற பெயர் இருந்தால் எழுத்துரு மாறிவிட்டது என்று அர்த்தம். வேகத்துக்காகச் செய்திகளை அடக்கும் `-q` விருப்பத்தைச் சேர்த்து ஓட்டுகிறவர்கள் இந்த ஒரே எச்சரிக்கையையும் இழக்கிறார்கள். மற்ற வழி, மாற்றிய கோப்பிலும் `pdffonts` ஓட்டி, பழைய பட்டியலில் இருந்த பெயர்கள் புதியதிலும் இருக்கின்றனவா என்று பார்ப்பது. அதோடு பக்கங்களைக் கண்ணால் பார்ப்பதும். இதில் ஒரு நுட்பம் கவனிக்க வேண்டும். உங்கள் கணினியில் பாமினி இல்லையென்றால் மூலக் கோப்பும் `jkpo;` என்றுதான் காட்டும், மாற்றிய கோப்பும் அப்படியே காட்டும். இரண்டும் ஒன்றுபோல் இருக்கின்றன, மாற்றம் வெற்றி என்று தோன்றும். அதனால் ஒப்பிட வேண்டியது அச்சான புத்தகத்தோடு. ஒரு பிரதியாவது எங்கிருந்தாவது தேடி எடுத்து, பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

சரிசெய்வது கடினமில்லை. பாமினியின் எழுத்துருக் கோப்பைத் தேடிப்பிடித்து ஒரு கோப்புறையில் போட்டு, கட்டளையில் `-sFONTPATH=./fonts` என்று சேர்த்தால் கோஸ்ட்ஸ்கிரிப்ட் அங்கே போய்ப் பார்க்கும். எழுத்துருவின் உள்பெயரும் பிடிஎஃபில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். பாமினி என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட பதிப்புகள் உலவுகின்றன. எழுத்துகளின் அகலம் சற்று மாறினாலும் வரிகள் நெருங்கும் அல்லது இடைவெளி விழும். சில மாற்றிகளில் இதே காரணத்தால் சரிபார்ப்பில் 6.2.11.5 என்ற விதி தோற்கும். கோப்பில் எழுதிய அகலமும் எழுத்துருவுக்குள் உள்ள அகலமும் ஒத்துவரவில்லை என்பது அதன் பொருள். அந்தப் பிழை வந்தால் எரிச்சல்படாதீர்கள். அது தவறான பதிப்பைக் காட்டிக்கொடுக்கும் நல்ல சாட்சி. எழுத்துருவை உள்ளே வைத்துப் பரப்ப அதன் உரிமம் இடம் தருகிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். சட்டப்படி உள்ளே வைக்கக்கூடிய எழுத்துருவையே தரமும் கேட்கிறது.

நிறத்தைப்பற்றி ஒரு சொல். மேலே உள்ள கட்டளை எல்லா நிறங்களையும் திரைக்குரிய சிவப்பு, பச்சை, நீலத்துக்கு மாற்றிவிடுகிறது. விழா மலரின் அட்டைக்கு இது போதும். ஓவியத் தொகுப்பாக இருந்தால் போதாது; மை நிறங்களை அப்படியே வைத்து அவற்றுக்குரிய விவரக் கோப்பைச் சேர்ப்பதே முறை.

இப்போது பாமினியோடு மாற்றிய கோப்பு சரிபார்ப்பில் தேறுகிறது, திறந்தால் தமிழும் தெரிகிறது. ஆனால் வாழ்த்துரையில் ‘தமிழ்’ என்று தேடிப் பாருங்கள். எதுவும் அகப்படாது. `pdftotext` கொண்டு உரையை வெளியே எடுத்தால் வருவது மறுபடியும் `jkpo;`.

வெளியே தெரிவது வடிவம், உள்ளே இருப்பது எழுத்தடையாளம். 2b கேட்பது வடிவத்தை மட்டுமே. ஆகவே அதில் பொய்யில்லை. இதே கோப்பை 2u என்று அறிவித்துச் சரிபார்த்தால் என்ன ஆகும்? தோற்கும் என்று எதிர்பார்ப்போம். ஆனால் தேறிவிடக்கூடும். u கேட்பது ஒவ்வொரு எழுத்துக்கும் யூனிகோட் அடையாளம் கண்டுபிடிக்க முடிகிறதா என்று. பாமினி தன்னை ஆங்கிலத்தின் WinAnsi அட்டவணையில் வைத்துக்கொண்டிருக்கிறது. j என்பதற்கு யூனிகோட் உண்டு, k என்பதற்கும் உண்டு. விதி நிறைவேறிவிட்டது. அங்கே வரைந்திருப்பது ‘த’ என்பதைக் கருவி எப்படி அறியும்? இதனால்தான் இத்தகைய கோப்புக்கு u என்று முத்திரை குத்துவதை நான் ஏற்கவில்லை. இன்னொருவர் அந்த முத்திரையை நம்பி, தேடினால் கிடைக்கும் என்று எண்ணி ஏமாறுவார்.

யூனிகோடில் தட்டச்சான கோப்புகளும் இதிலிருந்து முழுக்கத் தப்பவில்லை. பிடிஎஃபுக்குள் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் அடுக்கப்படுகின்றன. ‘கொடி’ என்பதில் ஒற்றைக்கொம்பு முதலில், பிறகு க, பிறகு கால். நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் ‘ெகாடி’ என்று வரும். ஒவ்வொரு வடிவத்துக்கும் அடையாளம் சரிதான், வரிசைதான் பிறழ்ந்துவிட்டது. சரிபார்ப்பு இதைக் குறை சொல்லாது. பிடிஎஃபில் ActualText என்றொரு வசதி இருக்கிறது. இந்த வடிவங்கள் சேர்ந்து இந்த உரை என்று அதில் எழுதிவைக்கலாம். எல்லா மென்பொருளும் தமிழுக்கு அதை எழுதுவதில்லை. கொகர, கோகர எழுத்துகள் வரும் ஒரு வரியை நகலெடுத்து ஒட்டிப் பார்ப்பதே விரைவான சோதனை.

பாமினி மலருக்குத் திரும்புவோம். அதன் உரையைத் தேடும்படி ஆக்க இரண்டு வழிகள் உள்ளன. பக்கங்களைப் படமாக்கி, எழுத்துணரி கொண்டு வாசித்து, கண்ணுக்குத் தெரியாத யூனிகோட் உரையைப் படத்தின் அடியில் வைப்பது ஒன்று. டெசராக்ட் எழுத்துணரியின் தமிழ்த் தரவு நிறுவியிருந்தால் இதை ஒரே கட்டளையில் செய்யலாம், விளைவும் பிடிஎஃப்/ஏ ஆகவே வரும்:

```
ocrmypdf -l tam --force-ocr --output-type pdfa-2 malar-a.pdf malar-ocr.pdf
```

எழுத்துகளின் கூர்மை போய்ப் படமாகிவிடும், எழுத்துணரியின் பிழைகளும் சேரும். நான் விரும்புவது மற்ற வழியை. பாமினி உரையை யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் நிறைய இருக்கின்றன. எடுத்த உரையை மாற்றி, ஒருவர் அமர்ந்து மெய்ப்புப் பார்த்து, அந்த உரைக்கோப்பை மலரோடு இணைப்பது. இதற்கு 3b வேண்டும். மூன்றாம் பகுதி எந்தக் கோப்பையும் உள்ளே இணைக்க விடுகிறது. இணைப்புக்கும் மலருக்கும் என்ன உறவு என்றும் குறிக்க வேண்டும். இங்கே `Alternative`, அதாவது அதே பொருளின் மாற்று வடிவம். ஜெர்மனியில் மின்னணு விலைப்பட்டியல்கள் பலவும் இதே முறையில் போகின்றன. கண்ணுக்குப் பக்கம், கணினிக்கு உள்ளே இணைத்த தரவு.

பெட்டியில் பூட்டி வைக்குமுன் ஒன்று மட்டும். மின்னணுக் கையொப்பம் இட்ட கோப்பை, அது பட்டாவோ சான்றிதழோ, இப்படி மாற்றினால் கோப்பு முழுக்கத் திரும்ப எழுதப்படும். கையொப்பம் செல்லாமல் போகும். அவற்றை மாற்றாமல் அப்படியே வையுங்கள். மற்றவற்றில் `malar.pdf` என்ற மூலம், பாமினி எழுத்துருக் கோப்பு, மாற்றிய 3b கோப்பு, வெராபிடிஎஃபின் அறிக்கை ஆகிய நான்கையும் ஒரே கோப்புறையில் வைத்து, எந்தப் பதிப்புக் கருவியில் எந்தக் கட்டளையில் மாற்றினீர்கள் என்று ஓர் உரைக்கோப்பில் எழுதிச் சேருங்கள். அச்சுப் பிரதியோடு எந்தெந்தப் பக்கங்களை ஒப்பிட்டுப் பார்த்தீர்கள் என்பதையும் அதில் குறித்துவிடுங்கள். எந்தச் சரிபார்ப்பு அறிக்கையிலும் அந்த வரி இருக்காது.